பிள்ளையை இழந்த தகப்பனிடம் துக்கம் விசாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செத்தவீட்டுக்குப் போனால் தகப்பனிட்ட முதல்ல என்ன சொல்லுறது?

முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தாய் உள்ளே பிள்ளையின் தலைமாட்டில் இருப்பார். அவரைச் சுற்றி அவருடைய தாய், சகோதரிகள், அவர்களின் குடிப் பெண்கள் இருந்து ஒப்பாரி சொல்வார்கள். வீடும் பெரும்பாலும் தாயின் வீடுதான். கலியாணம் முடித்து அங்கே வந்து சேர்ந்தவர் தகப்பன். அவருடைய கூடப்பிறந்தவர்கள் வேறு ஊரில், இல்லாவிட்டால் வேறு தெருவில் இருப்பார்கள். ஆகவே அவளைத் தாங்க அந்த வளவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், அவரைத் தாங்க யாராவது பஸ் ஏறி வரவேண்டும்.

அவர் கேற்றடியில் நிற்பார். அல்லது மரண உதவிச் சங்கத்தார் கொண்டுவந்த கதிரை காணுமா, தேத்தண்ணி எல்லாருக்கும் போனதா என்று பார்த்துக்கொண்டு திரிவார். வருகிற ஆண்கள் அவர் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்து அரசியல், வெள்ளாமை என்று கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வந்தவர்களை வரவேற்கிற வேலையைத் துக்கம் நடந்தவரிடமே விட்டுவிடுகிறோம்.

நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக இருத்துங்கள், பக்கத்தில் நீங்களும் இருங்கள். "அண்ணே, கேள்விப்பட்ட உடனே வெளிக்கிட்டு வந்தன். தம்பிட முகத்தப் பாத்திட்டு உங்களிட்டத்தான் வாறன்" என்று சொன்னால் போதும். 'உங்களிடம்தான் வந்தேன்' என்பதை அவர் அன்று வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். பிறகு பேசாமல் இருக்கலாம். அவர் கதைத்தால் கேளுங்கள், கதைக்காவிட்டால் கேள்வி கேட்டுக் கதைக்க வைக்கவேண்டாம்.

"நீங்கதான் தைரியமா இருக்கணும், நீங்க உடைஞ்சா அவ என்ன செய்வா" எண்டு எல்லாரும் சொல்றாங்க. அதில என்ன பிழை?

அந்தப் பேச்சு ஆறுதல் அல்ல, அவருக்குக் கொடுக்கிற வேலை. அவர் அதைத் தட்டாமல் செய்வார் என்பதுதான் கவலை. மனைவிக்கு முன்னால் முகத்தை இறுக்கிக்கொண்டு நடமாடுவார். இரண்டு மாதம் போக அதே மனைவி தன் தங்கையிடம், "அவருக்குப் பிள்ளை போனது ஒரு பொருட்டா? ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல" என்று சொல்லி அழுவார். இதே வசனத்தைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவர் அழாமல் நின்றது அவளுக்காக. அது அவளுக்குத் தெரியாது, சொல்ல அவருக்கு வாய் வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செத்தவீட்டுக்கு வருகிற ஆண்களில் முக்கால்வாசிப் பேர் தகப்பனிடம் கேட்பது, "அவ எப்பிடி இரிக்கா? சாப்பிட்டாவா?" என்பதுதான். அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "ராவைக்குக் கொஞ்சமாவது கண்ண மூடினீங்களா?" என்று நீங்கள் கேளுங்கள். "அவவ அக்காமார் பாக்கிறாங்க. வாற ஆக்கள நான் பாக்கிறன். நீங்க இரிங்க" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உண்மையாகவே கேற்றடிக்குப் போய் நில்லுங்கள்.

அவர் அழவே இல்ல. கொள்ளி வச்சிட்டு வந்து கிணத்தடில குளிச்சிட்டு, வாடகைச் சாமான் கணக்குப் பாக்கிறார். அழவைக்கணும் எண்டு சொல்றாங்களே?

வேண்டாம். மகனுக்கோ மகளுக்கோ கொள்ளி வைத்த கையால், குழியில் மண் போட்ட கையால் அவர் ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொள்கிறார். துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோக்கா, டெரி மார்ட்டின் இருவரும் சிலருக்குத் துக்கம் உணர்ச்சியாக வெளிவரும், சிலருக்குச் செயலாகவும் யோசனையாகவும் வெளிவரும் என்று பிரித்துக் காட்டினார்கள். இரண்டும் துக்கம்தான். பெண்களிலும் இரண்டாவது வகை உண்டு, ஆண்களிலும் முதலாவது வகை உண்டு. ஆண்கள் இரண்டாவது பக்கம் அதிகம் சாய்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் அவர் செய்கிற வேலையில் கூட நில்லுங்கள். கதிரை அடுக்கினால் நீங்களும் அடுக்குங்கள். மகனின் மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தால் சாவியை எடுத்துக் கொடுங்கள். முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியாதவர்கள் கையில் ஒரு வேலை இருக்கும்போது கதைப்பார்கள். மயானத்தில் இருந்து நடந்து வரும் வழியும் அப்படியான நேரம். பெண்கள் வருவதில்லை, வீடு போய்ச்சேரும் வரை யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அந்த நடையில் அவரோடு ஒட்டி நடக்க ஒருவர் இருக்கவேண்டும்.

அழாத தகப்பனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரமும் உண்டு. அது கீழே வரும்.

பிள்ளையின் பேரைச் சொல்லலாமா? ஞாபகப்படுத்தி நோகடிச்ச மாதிரி ஆகாதா?

அவர் மறந்தால்தானே நீங்கள் ஞாபகப்படுத்த! பெயரைச் சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த, தகப்பனுக்குத் தெரிந்திருக்க முடியாத ஒரு விடயத்தைச் சொன்னால் இன்னும் நல்லது. "கல்லடிப் பாலத்தடில என்ர பைக் நிண்டுட்டு. இவன்தான் இறங்கி வந்து கராச் மட்டும் தள்ளித் தந்தவன். ஒரு சதம் வாங்கல்ல." இப்படி ஒன்றைக் கேட்ட தகப்பன், பல மாதம் கழித்து வேறு ஆளிடம் அதைத் திருப்பிச் சொல்வார். பிள்ளையைப் பற்றிப் புதிதாக ஒன்று அறிய அவருக்கு இனி வேறு வழி இல்லை.

விபத்து, தண்ணில தாண்டது, தற்கொலை எண்டா என்ன நடந்தது எண்டு கேக்கலாமா?

பந்தலில் கேட்கவேண்டாம். அவர் அதை அன்று பொலிசுக்குச் சொல்லியிருப்பார், திடீர் மரண விசாரணை அதிகாரிக்குச் சொல்லியிருப்பார், பத்திரிகைக்காரருக்கும் சொல்லியிருப்பார். பத்தாவது ஆளாக நீங்கள் கேட்டால் கிடைப்பது அந்த மனப்பாடம்தான்.

ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதை விளக்க ஒரு தகப்பனின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். படுவான்கரைப் பக்கம், வயல் செய்கிறவர். ஏ.எல். எடுத்துவிட்டு றிசல்ட்டுக்காகக் காத்திருந்த மகன், இரவு மோட்டார் சைக்கிளில் வரும்போது றோட்டில் நின்ற மாட்டோடு அடிபட்டு இறந்துபோனான். தகவல் வந்ததும் தகப்பனும் பக்கத்து வீட்டுப் பொடியனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இப்படியான சாவில் பிரேதத்தை உடனே தரமாட்டார்கள். பொலிசில் வாக்குமூலம், விசாரணை அதிகாரிக்கு முன் உடலை அடையாளம் காட்டுவது, பிரேதப் பரிசோதனை, பிறகு பொறுப்பேற்றுக் கையெழுத்து வைப்பது என்று நடக்கும். பிரேத அறைக்குள் போய், துணியை விலக்கியபோது "ஓம், என்ர மகன்தான்" என்று சொன்னவர் அந்தத் தகப்பன். கூடப் போன பொடியன் வெளியே நின்றுவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவரும்போது பிள்ளை குளிப்பாட்டி, உடுப்பாட்டி, கட்டுப்போட்டு இருந்தான். தாயும் சகோதரிகளும் கண்டது அந்த முகம். தகப்பன் கண்டது வேறு.

எட்டும் முடிந்தது, முப்பத்தோராம் நாள் அமுதும் கொடுத்தாயிற்று. அறுவடை முடிந்த வட்டைக்கு அவர் தினமும் விடியப் போய்ப் பொழுதுபட வந்தார். வரம்பு செதுக்குகிறேன் என்று சொன்னார். செதுக்க அங்கே ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தால் சின்ன விடயத்துக்கும் சத்தம் போட்டார். மைத்துனர்மார் வந்து, "அத்தான், தங்கச்சிய யோசிங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள்.

ஆரையம்பதியில் இருந்து அவருடைய மூத்த அண்ணன் வந்தார். வீட்டில் இருக்காமல் நேரே வட்டைக்குப் போய் வரம்பில் குந்தினார். வெற்றிலையை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அண்டைக்கு உள்ளுக்குப் போன நீ தனியவா போன?"

கன நேரத்துக்குப் பதில் இல்லை. பிறகு, கண்டதை எல்லாம் சொன்னார். ஒரு பக்க முகம் எப்படி இருந்தது என்பதைச் சொன்னார். செருப்பு ஒன்று மட்டும் காலில் கிடந்ததைச் சொன்னார். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது, மனைவிக்குப் பக்கத்தில் படுத்தால் தெரியாமல் வாயில் வந்துவிடுமோ என்ற பயத்தில் திண்ணையில் படுக்கிறேன் என்றும் சொன்னார். மனைவி அதை, தன்னை வெறுத்துவிட்டார் என்று எடுத்திருந்தார். அண்ணன் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "இத நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன். திரும்பவும் சொல்லணும் எண்டா என்னட்டயே சொல்லு" என்றார். அடுத்த கிழமையும் போனார். அவர் சம்மதித்த பிறகுதான், திண்ணையில் படுக்கிற காரணத்தை மட்டும் மனைவிக்கு அண்ணன் எடுத்துச் சொன்னார்.

உடலை அடையாளம் காட்டுவது, பிரேத அறையில் இருந்து பெட்டியை எடுப்பது, பத்திரங்களில் ஒப்பமிடுவது எல்லாம் தகப்பனின் தலையில்தான் விழுகிறது. ஆகவே உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்தால் உள்ளே அவரோடு சேர்ந்து போங்கள். முடிந்தால் அடையாளம் காட்டுவதைத் தாய்மாமனோ சித்தப்பனோ செய்யலாமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள். அவரே பார்க்கவேண்டும் என்று நின்றால் தடுக்கவேண்டாம். பார்க்காமல் விட்ட தகப்பனுக்கும் வேறு விதமான வேதனை உண்டு.

தற்கொலை என்றால் ஒன்று கூடுதல். "ஏன் செய்தான், ஏதும் எழுதி வச்சானா, நீங்க ஏசினீங்களா" என்ற கேள்விகள் அவருக்குள்ளேயே இரவிரவாக ஓடுகின்றன. வெளியில் இருந்து இன்னொரு குரல் அதைக் கேட்கத் தேவையில்லை.

இறந்தது மகள். கலியாணம் பேசிக்கொண்டிருந்தாங்க. அவருக்கு என்ன சொல்லுறது?

எங்கள் பக்கம் மகள் பிறந்த நாளில் இருந்தே தகப்பன் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குகிறான். ஒரு போகத்துக் காசில் அத்திவாரம், வெளிநாட்டுக்குப் போய் வந்த காசில் சுவர், கடன் பட்டுக் கூரை. இப்போது அந்தப் பூசாத வீடு அதே வளவில் நிற்கிறது, தினமும் அவர் கண்ணில் படுகிறது. "இனி அந்த வீட்ட என்ன செய்யப்போறீங்க, சின்னவக்குக் குடுக்கலாமே" என்று சொல்கிற ஆட்கள் எட்டுச் செலவுக்கு முதலே வந்துவிடுவார்கள். அந்தப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள், எடுக்கிறவர்களையும் மெல்ல வேறு கதைக்கு மாற்றுங்கள்.

அவர் தானாக அந்த வீட்டைக் காட்டினால் கூடப் போய்ப் பாருங்கள். எந்த அறை அவளுக்கு, யன்னலை அவள் எந்தப் பக்கம் வைக்கச் சொன்னாள் என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும்.

நாங்க முஸ்லிம்கள். "சபுர் செய்ங்க" எண்டுதானே சொல்லுவம். அழுதா ஈமான் குறைவு எண்டு சில ஆக்கள் சொல்றாங்க.

பொறுமை என்றால் கண்ணீர் இல்லாமல் இருப்பது என்று மார்க்கம் சொல்லவில்லை. நபியவர்களின் குழந்தை இப்ராஹீம் மரணப் படுக்கையில் இருந்தபோது நபியவர்களின் கண்கள் கலங்கின. "நீங்களுமா, அல்லாஹ்வின் தூதரே?" என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் கேட்டபோது, அது இரக்கம் என்று பதில் சொன்னார்கள். கண் அழுகிறது, உள்ளம் கவலைப்படுகிறது, ஆனால் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம் என்றும் சொன்னார்கள். யஃகூப் நபியைப் பாருங்கள். அழகிய பொறுமை என்று சொன்ன அதே தகப்பன், மகன் யூசுஃபுக்காகக் கவலைப்பட்டுக் கண் வெளுத்துப்போனதையும் குர்ஆன் சொல்கிறது.

ஆகவே ஜனாஸா வீட்டில், "காக்கா, சபுர் செய்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பாதீர்கள். "றசூலுல்லாவே மகனுக்காக அழுத. நீங்களும் அழலாம் காக்கா" என்று சேர்த்துச் சொல்லுங்கள். துக்கம் விசாரிப்பது மூன்று நாள் என்று ஊரில் ஒரு வரை இருக்கிறது. அதற்குப் பிறகு சும்மா பார்க்கப் போவதையும், மையவாடிக்குக் கூடப் போய் துஆச் செய்வதையும் யாரும் தடுக்கவில்லை.

இந்துக்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிற மண் இது. அபிமன்னன் பட்ட செய்தி கேட்டுப் புலம்பிய அருச்சுனனை இங்கே ஒருவரும் கோழை என்று சொல்வதில்லை.

குழந்தை பிறந்து கொஞ்ச நேரத்தில போயிட்டு. இதுக்கும் தகப்பனிட்ட துக்கம் கேக்கிறதா?

ஓம், கட்டாயம். அந்தச் சின்ன உடலைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தவர் பெரும்பாலும் அவர்தான், மனைவி வாட்டில் இருக்கும்போது. "அடுத்தது நல்லபடியாப் பிறக்கும்" என்று சொல்லாதீர்கள். குழந்தைக்குப் பெயர் வைத்தீர்களா, யாருடைய சாயல் என்று கேட்கலாம்.

மகன் காணாமல் போனவர். துக்கம் விசாரிக்கலாமா?

இறந்துவிட்டான் என்ற பொருள் வருகிற எந்தப் பேச்சும் வேண்டாம், அவர் தானே சொன்னால் ஒழிய. 1990இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து முகாமில் இருந்து கொண்டுபோன பிள்ளைகளின் பெற்றோரில் உயிரோடு இருப்பவர்கள் இன்னும் திவசம் கொடுப்பதா விடுவதா என்ற இடத்தில் நிற்கிறார்கள். "தம்பிய நினைச்சன், உங்களப் பாக்க வந்தன்" என்று சொல்லுங்கள்.

முப்பத்தொண்டும் முடிஞ்சிட்டு. இனியும் போனா புண்ணைக் கிளறின மாதிரித்தானே?

எட்டு வரைக்கும் பந்தலில் ஆள் இருக்கும். முப்பத்தொண்டோடு தறப்பாளும் கதிரையும் திரும்பிவிடும், துடக்குக் கழிந்தது என்று எல்லாரும் அவரவர் பாட்டுக்குப் போய்விடுவார்கள். தாயிடம் அதற்குப் பிறகும் பெண்கள் வந்துபோவார்கள். தகப்பனிடம் வருகிற ஆண்கள் வேலையைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

எப்போது போவது என்று நாள்காட்டியைப் பார்க்காதீர்கள். தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து செய்த வேலை எப்போது வருகிறது என்று பாருங்கள். மகன் கூட நின்று விதைத்திருந்தால், மழை தொடங்கிப் பெரும்போகத்துக்கு விதைக்கிற கிழமை போங்கள். கடலுக்குச் சேர்ந்து போனவர்கள் என்றால், வலை மறுபடி இறக்குகிற முதல் நாள் போங்கள். வருடா வருடம் கண்ணகி அம்மன் குளிர்த்திக்குப் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போனவர், அந்த வருடம் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். பறைச்சத்தம் வீடுவரைக்கும் கேட்கும். அன்று இரவு போய் அவரோடு இருங்கள். "வேல ஒண்டும் இல்ல, சும்மா வந்தன்" என்பது போதிய காரணம்.

நான் கட்டாரில இரிக்கன். போன்ல எப்பிடிக் கதைக்கிறது?

பிரேதத்தைக் காட்டுங்க என்று வீடியோ கோல் எடுத்து அவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள். பார்க்கத்தான் வேண்டும் என்றால் வேறு ஆளிடம் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கும்பிடுகிற கைப்படம் போட்டதோடு கடமை முடிந்ததென்று எண்ணவேண்டாம். அவருடைய நம்பருக்குத் தனியாக ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். அவர் தனியாக இருக்கும்போது, வேண்டிய தரம் போட்டுக் கேட்கலாம். பதில் சொல்லத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படி:

"மாமா, நான்தான். தம்பிட சேதி கேட்டன். எனக்கு என்ன சொல்றதெண்டு வரல்ல. சின்னனில உங்கட சைக்கிள் பாரில இருந்து அவன் வாறதுதான் கண்ணுக்குள்ள நிக்கிது. நீங்க திருப்பி எடுக்கத் தேவல்ல மாமா. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, பின்னேரம் எடுக்கிறன். கதைக்க ஏலாட்டி எடுக்காம விடுங்க, அடுத்த வெள்ளியும் எடுப்பன்."

கண்ணீர் அஞ்சலி பெனர் அடிக்கிறம். தகப்பனிட்டக் கேக்கணுமா?

படத்தை மட்டும் அவரைக் கொண்டு தெரிவு செய்யுங்கள். சந்தியில் மாதக்கணக்காகத் தொங்கப்போவது அது. கழற்றும்போதும் ஒரு சொல் கேளுங்கள்.

இப்ப பின்னேரத்தில குடிக்கத் தொடங்கிட்டார். எந்த அளவுக்கு மேல பயப்படணும்?

அமுது வரைக்கும் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்பது எல்லாருக்கும் நடப்பது. உலக சுகாதார நிறுவனம் நீடித்த துக்கத்தை ஒரு நோயாகக் கணக்கெடுக்க, குறைந்தது ஆறு மாதமாவது கடந்திருக்கவேண்டும் என்கிறது. ஆனால் சில விடயங்களுக்கு ஆறு மாதம் காத்திருக்க முடியாது. காலையிலேயே குடிப்பது, வேலைக்குப் போகாமல் படுத்தே கிடப்பது, இருக்கிற பிள்ளைகளுக்கு அடிப்பது, கடன் எல்லாவற்றையும் திடீரென்று தீர்த்துக் காணி உறுதியை மனைவியிடம் கொடுப்பது, "நானும் அவனிட்டப் போகணும்" என்று சொல்வது. ஆண்களில் துக்கம் முற்றுவது அழுகையாக இல்லாமல் கோபமாகவும் குடியாகவும்தான் அதிகம் தெரியும்.

நேராகக் கேளுங்கள்: "அண்ணே, சாகணும் எண்டு யோசினை வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். வயல் செய்கிற வீடு என்றால் களைநாசினி, பூச்சிநாசினிப் போத்தல்களை அன்றே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். பெரும்போக நேரத்தில் திண்ணைக்குக் கீழேயே கிடக்கும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "விசர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன்" என்று மறுத்தால், "நித்திரை இல்லாததுக்கு மருந்து எடுப்பம், நானும் வாறன்" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். அது பொய்யும் அல்ல, நித்திரைக் குழப்பம் அவருக்கு இருக்கிறதுதான்.

நான் கதைச்சு, அவர் உடைஞ்சு அழுதிட்டா நான் என்ன செய்யிறது?

ஒன்றும் செய்யவேண்டாம். "அழாதீங்கண்ணே, ஆக்கள் பாக்காங்க" என்று சொன்னால் அவர் உடனே நிறுத்திவிடுவார், பிறகு உங்கள் முன்னால் அழமாட்டார். உங்கள் கதிரையைக் கொஞ்சம் திருப்பி, பந்தலில் இருக்கிறவர்களுக்கு அவர் முகம் தெரியாதபடி மறைத்து இருங்கள். கையைப் பிடிக்கலாம், தோளில் கை வைக்கலாம். ஓய்ந்த பிறகு தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். அவர் வெட்கப்பட்டு "குறை நினைக்காதீங்க" என்பார். "எனக்கு முன்னால அழாம ஆருக்கு முன்னால அழுவீங்க" என்று சொல்லிவிட்டு, எழும்ப அவசரப்படாமல் இருங்கள். அவர் அழுதார் என்பதை உள்ளே பெண்களிடம் போய்ச் சொல்லவேண்டாம். சொல்வதா விடுவதா என்பது அவர் முடிவு. போகும்போது "ஏதும் தேவை எண்டா சொல்லுங்க" என்று விட்டுவிட்டுப் போகாமல், "சனிக்கிழமை பின்னேரம் வாறன்" என்று ஒரு நாளைச் சொல்லுங்கள். அந்தச் சனிக்கிழமை போங்கள்.